டிவிடெண்டும் தெருவின் நாற்றமும்: கம்பெனி யாருக்குக் கடமைப்பட்டது?

கேள்வி: "மணலியில் உள்ள ஒரு லிஸ்டட் கம்பெனியின் 200 ஷேர் என்னிடம் இருக்கிறது. என் மாமா அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை செய்கிறார். எங்கள் வீடு திருவொற்றியூரில். ராத்திரியானால் அந்தப் பக்கத்து நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. இந்த வருடம் நல்ல டிவிடெண்ட் கொடுத்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் கம்பெனி முதலில் கவனிக்க வேண்டியது ஷேர் வைத்திருக்கும் என்னையா, மாமாவையா, எங்கள் தெருவையா? சட்டம் என்ன சொல்கிறது?"

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கம்பெனியை நடத்துகிறவர்கள் யாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பது ஒன்று. அந்தக் கடமையில் தவறினால் யார் போய்க் கேட்க முடியும் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சட்டம் தாராளமாகவும் இரண்டாவதற்கு மிகவும் கறாராகவும் பதில் சொல்கிறது. குழப்பமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நான் இருபத்தாறு ஆண்டுகள் கம்பெனி செயலாளராக வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கழிந்தது. வழக்கறிஞன் அல்லன், உங்கள் கம்பெனியின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகையால் இது பொதுவான பதில், வழக்குக்கான ஆலோசனை அன்று.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஷேர் வைத்திருப்பவரைப் பங்குதாரர் என்கிறோம். ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல்லுக்கும் பங்குதாரர் என்றே பல செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். "அனைத்துப் பங்குதாரர்களுடனும் ஆலோசிக்கப்படும்" என்று படிக்கும்போது அதில் உங்கள் மாமா சேர்த்தியா இல்லையா என்பதே தெரியாமல் போகிறது. தொழிலாளி, சரக்குக் கொடுப்பவர், கடன் கொடுத்த வங்கி, வாடிக்கையாளர், மதில் சுவருக்கு வெளியே குடியிருப்பவர் ஆகிய எல்லோரையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் தொடர்புடையோர் என்று எழுதுகிறேன்.

பங்கு வைத்திருப்பதால் நீங்கள் அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அது பாதிதான் சரி. 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த பம்பாய் வழக்கு ஒன்று இருக்கிறது. தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்த பாச்சா குஸ்தார் என்ற அம்மையார், அந்தக் கம்பெனிகளின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானமாகக் கருதப்பட்டு வரியிலிருந்து விலக்கப்படுவதால், தமக்கு வந்த டிவிடெண்டிலும் 60 சதவீதத்துக்கு வரி கூடாது என்று வாதிட்டார். நீதிமன்றம் ஒப்பவில்லை. தோட்டமும் தேயிலையும் கம்பெனி என்ற தனி நபருடையவை, பங்குதாரருக்கு அவற்றில் எந்த உரிமையும் இல்லை, அறிவிக்கப்பட்டால் டிவிடெண்ட் பெறும் உரிமையும், கம்பெனி கலைக்கப்பட்டால் மிச்சத்தில் பங்கு பெறும் உரிமையுமே அவருக்கு உண்டு என்று அது தீர்ப்பளித்தது. இது இன்றுவரை நிற்கிறது. அறிவிக்கப்பட்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். எவ்வளவு டிவிடெண்ட் என்று பரிந்துரைப்பது இயக்குநர் குழு. வழக்கமான விதிகளின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் அந்தத் தொகையை ஏற்கலாம், குறைக்கலாம். ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது.

அப்படியானால் இயக்குநர்கள் யாருக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்? 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 166ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. இயக்குநர் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ள வேண்டும். உறுப்பினர்கள் அனைவருடைய நன்மைக்காகக் கம்பெனியின் நோக்கங்களை வளர்க்க வேண்டும். கம்பெனி, அதன் ஊழியர்கள், பங்குதாரர்கள், சமுதாயம் ஆகியோரின் நலனுக்கும் சுற்றுச்சூழலின் பாதுகாப்புக்கும் உகந்தபடி செயல்பட வேண்டும். பங்குதாரரை முதலில் கவனி, மிச்சமிருந்தால் மற்றவர்களைக் கவனி என்று அதில் இல்லை. 2021இல், ராஜஸ்தானிலும் குஜராத்திலும் உள்ள கானமயில்களைக் காப்பாற்ற மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லச் சொன்ன வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்த உட்பிரிவை எடுத்துக்காட்டி, சுற்றுச்சூழலும் இயக்குநரின் கடமைக்குள் வருவதைச் சுட்டியது. ஆகவே உங்கள் மாமாவும் உங்கள் தெருவும் சட்டத்தின் பட்டியலுக்குள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஊழியர் என்ற சொல் ஒப்பந்தத் தொழிலாளியையும் தழுவுமா என்று யாராவது வாதாடலாம். அவர் சமுதாயத்துக்குள்ளாவது வந்தே தீருவார்.

இப்போது கறாரான பகுதி. இந்தக் கடமையை மீறினால் அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை. அதற்கான புகாரை யார் கொடுக்கலாம் என்று 439ஆம் பிரிவு சொல்கிறது: கம்பெனிப் பதிவாளர், மத்திய அரசு அதிகாரம் அளித்தவர், இவர்களைத் தவிர அந்தக் கம்பெனியின் பங்குதாரர். தொழிலாளி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. கடமை ஐந்து பேருக்கு, சாவி ஒருவரிடம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஆயிரம் பேருக்கு மேல் பங்குதாரர்களும் கடன்பத்திரக்காரர்களும் வைப்பாளர்களும் உள்ள கம்பெனி, தொடர்புடையோர் உறவுக் குழு என்று ஒன்றை அமைக்க வேண்டும் என்று 178ஆம் பிரிவு சொல்கிறது. பெயரைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தக் குழு கேட்பது பங்கும் பத்திரமும் வைத்திருப்பவர்களின் குறைகளை மட்டுந்தான்: டிவிடெண்ட் வரவில்லை, பங்கு மாற்றம் ஆகவில்லை, ஆண்டறிக்கை கிடைக்கவில்லை. நான் அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். நாற்றம் பற்றி ஒரு வரிகூட அதில் வந்ததில்லை, வர வழியும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால், யாருக்கும் யாருக்கும் எங்கே உண்மையில் இடிக்கிறது என்பது தெரியும். எண்கள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியின் கணக்கும் அன்று. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் விற்பனையுள்ள ஒரு ரசாயனத் தொழிற்சாலை என்று வையுங்கள். 700 கோடி மூலப்பொருளுக்கு, 60 கோடி நிரந்தர ஊழியர் சம்பளத்துக்கு, 15 கோடி ஒப்பந்தத் தொழிலாளருக்காகக் கான்ட்ராக்டர்களுக்கு, 85 கோடி எரிபொருள், மின்சாரம், லாரி வாடகை, பராமரிப்புக்கு, 30 கோடி வட்டிக்கு, 30 கோடி தேய்மானத்துக்கு. மிச்சம் 80 கோடி. வருமான வரி சுமார் 20 கோடி போக நிகர லாபம் 60 கோடி. மொத்தம் 6 கோடி பங்குகள் என்றால் பங்குக்கு 10 ரூபாய் லாபம். வழக்கமான டிவிடெண்ட் பங்குக்கு 4 ரூபாய். உங்கள் 200 பங்குக்கு 800 ரூபாய். இந்தக் கணக்கிலேயே ஒரு செய்தி இருக்கிறது. தொடர்புடையோரில் பெரும்பாலோர் லாபம் என்ற சொல் வருவதற்கு முன்பே தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், ஏனென்றால் அவர்களிடம் ஒப்பந்தம் இருக்கிறது. மிச்சத்துக்குக் காத்திருப்பவர் பங்குதாரர். அவருக்கு மட்டும் ஓட்டு கொடுத்ததற்குச் சொல்லப்படும் மிக வலுவான நியாயம் இதுதான், அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

இனி நாற்றத்துக்கு வருவோம். இந்தத் தொழிற்சாலையின் புகைபோக்கியில் ஒரு ஸ்க்ரப்பர் இருக்கிறது. வெளியேறும் வாயுவின் மீது காஸ்டிக் சோடாக் கரைசலைத் தெளித்து, கந்தக வாயுக்களைக் கரைத்துப் பிடிக்கும் கோபுரம் அது. இரண்டாவதாக ஒன்று வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் பெருமளவு குறையும்; விலை 18 கோடி. அதே ஆண்டில், பங்குக்கு 3 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் கொடுக்கலாம் என்று ஒரு யோசனையும் வருகிறது. அதற்கும் 18 கோடிதான் ஆகும். உங்களுக்கு 600 ரூபாய் கூடுதலாக வரும். இரண்டில் ஒன்று என்றால் எது?

பதில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்திருக்கும் இசைவாணையில் இருக்கிறது. அதில் எழுதிய அளவுக்கு மேல் வாயு வெளியேறுகிறது என்றால், ஸ்க்ரப்பர் என்பது இயக்குநர்களின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமே அன்று. மூலப்பொருள் விலையைப் போல, வட்டியைப் போல, அது லாபத்துக்கு முன்னால் வர வேண்டிய செலவு. அதைச் செய்யாமல் கொடுக்கும் டிவிடெண்ட், உங்கள் தெருவிடமிருந்து வட்டியில்லாமல் வாங்கிய கடனைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். வாயு அளவுக்குள்ளேயே இருக்கிறது, ஆனாலும் இரவில் காற்று திரும்பும்போது நாற்றம் வருகிறது என்றால், அங்கேதான் உண்மையான விருப்புரிமை தொடங்குகிறது. அந்த இடத்தில் 166ஆம் பிரிவு, இயக்குநர்கள் சமுதாயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கும். இன்ன முடிவுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லாது. ஆலோசித்து, காரணம் எழுதி, நல்லெண்ணத்தில் எடுத்த வணிக முடிவைப் புரட்டிப்போட நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்குகின்றன.

அமெரிக்காவின் ஃபோர்டு வழக்கைப் பலர் பங்குதாரரே முதல்வர் என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். 1919இல் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம், காரின் விலையைக் குறைத்துக்கொண்டே போக விரும்பிய ஹென்றி ஃபோர்டிடம், கம்பெனி முதன்மையாகப் பங்குதாரரின் லாபத்துக்காக நடத்தப்படுவது என்று சொல்லிச் சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர் டிவிடெண்ட் கொடுக்க வைத்தது உண்மை. அதே தீர்ப்பு, ஃபோர்டின் புதிய தொழிற்சாலை விரிவாக்கத்தைத் தடுக்க மறுத்தது. நீதிபதிகள் வியாபார நிபுணர்கள் அல்லர் என்பதே காரணம். இந்தப் பின்பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கணக்குக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இயக்குநர் குழுவில் பெரும்பாலும் தவறாகப் பேசப்படுவது இங்கேதான். 18 கோடிக்கு ஸ்க்ரப்பர் வாங்கினால் அந்த ஆண்டின் லாபம் 18 கோடி குறைந்துவிடாது. அது சொத்தாகக் கணக்கில் ஏறி, 15 ஆண்டுகளில் தேய்மானமாக, ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் வீதம் கழியும். காஸ்டிக் சோடாவுக்கும் மின்சாரத்துக்கும் ஆண்டுக்கு 80 லட்சம் என்று வையுங்கள். ஆக 2 கோடி. வரிச் சலுகை போக ஒன்றரைக் கோடி. பங்குக்கு 25 காசு. உங்கள் 200 பங்குக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். திருவொற்றியூரில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதற்கு நீங்கள் பங்குதாரராகக் கொடுக்கும் விலை அவ்வளவுதான். ஆனால் எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பங்குச் சந்தை இந்தக் கம்பெனியின் லாபத்தை இருபது மடங்கு விலைக்கு வாங்குகிறது என்றால், 25 காசு குறைவு பங்கு விலையில் 5 ரூபாயாகத் தெரியலாம். உங்களுக்கு 1,000 ரூபாய் குறையும், பங்கு விலையோடு ஊதியம் இணைக்கப்பட்ட மேலாளருக்கு எவ்வளவோ லட்சம் குறையும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தயங்குவது எப்போதும் உங்கள் 50 ரூபாய்க்காக அன்று.

இன்னொரு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். வாரியம் தொழிற்சாலையை ஒரு மாதம் மூடச் சொன்னால் என்ன ஆகும்? நிரந்தர ஊழியர் சம்பளம், வட்டி, தேய்மானம் மூன்றும் நிற்காது. மாதத்துக்கு 10 கோடி. வர வேண்டிய லாபத்தில் சுமார் 6 கோடியே 70 லட்சம் போகும். கூட்டினால் ஏறக்குறைய 17 கோடி. ஸ்க்ரப்பரின் விலையை எட்டிப் பிடிக்கிறது. நிற்கிற செலவு என்று ஒன்று உண்டு, அது கான்ட்ராக்டருக்குப் போகும் பணம். உங்கள் மாமாவைப் போன்றவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். பங்குதாரர்தான் நட்டத்தைச் சுமக்கிறார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது; மூடுகிற நாளில் முதல் நட்டம் யார் வீட்டு அடுப்பில் தெரிகிறது என்பதை வாயில் கேட்டில் நின்றால் பார்க்கலாம்.

இது வெறும் கற்பனையன்று என்பதற்காக ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், வாயுச் சுத்திகரிப்புக்கான ஒரு செலவு இயக்குநர் குழுவின் நிகழ்ச்சி நிரலில் மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வந்தது. மூன்று முறையும் "விரிவான மதிப்பீடு பெற்றபின் பரிசீலிக்கலாம் என ஒத்திவைக்கப்பட்டது" என்று என் கையாலேயே குறிப்பு எழுதினேன். மூன்றாவது கூட்டத்தில் அதற்கு அடுத்த விஷயமே டிவிடெண்ட். அதற்கு மதிப்பீடு எதுவும் தேவைப்படவில்லை, பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த கோடையில் பதினொரு நாள் ஆலை நின்றது. பிறகு ஒரு வழக்கில் அந்தக் குறிப்புப் புத்தகத்தின் நகலைக் கேட்டார்கள். கெட்ட எண்ணம் என்று அதில் யாரும் எதையும் காட்ட முடியவில்லை. ஆனால் மூன்று ஒத்திவைப்புகளும் ஒரு டிவிடெண்டும் ஒரே பக்கத்தில் இருந்ததை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிதானமாக, இரண்டு முறை படித்துக் காட்டினார். கடமை மீறல் எப்படித் தெரியவரும் என்று கேட்டால் என் பதில் இதுதான்: யாரும் மறுத்திருக்க மாட்டார்கள், ஒத்திவைத்திருப்பார்கள்.

கம்பெனிச் சட்டத்தின் சாவி தொழிலாளியிடமும் தெருவிடமும் இல்லை என்றேன். அதற்காக அவர்கள் வெறுங்கையோடு இல்லை. அவர்களுடைய பலம் வேறு சட்டங்களில் இருக்கிறது. உங்கள் மாமாவின் விஷயத்தில், கான்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரான கம்பெனியே அதைக் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த விதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்துக்கும் கம்பெனி இப்படியே பொறுப்பு. கூலியை உயர்த்துவது வேறு விஷயம். குறைந்தபட்சக் கூலிக்கு மேல் எவ்வளவு என்பது சட்டத்தால் அன்றி, சங்கத்தாலும் பேரத்தாலும் முடிவாவது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த ஊர் இது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளரைச் சங்கமாகச் சேர்ப்பது இன்று அதே ஊரில் எவ்வளவு கடினம் என்பது உங்கள் மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தெருவின் நிலைமை, விபத்து என்று வந்துவிட்டால், இன்னும் வலுவானது. டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவு: ஆபத்தான தொழிலை நடத்துகிற நிறுவனம், தன் பக்கம் கவனக்குறைவே இல்லை என்று நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும், நிறுவனம் எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கே போக யாருக்கும் பங்கு தேவையில்லை. ஆனால் விபத்தாக இல்லாமல், அளவுக்குள்ளேயே இருந்து தினமும் இரவில் வரும் நாற்றம் இந்த வலுவான பகுதிக்கு வெளியே நிற்கிறது.

இங்கே பங்குதாரர் தரப்பு வாதத்தில் உள்ள ஓர் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். பங்குதாரர் கடைசியில் நிற்கிறார் என்பது சரி. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் கலைப்புச் செலவு முதலில் வரும். அடுத்த படியில் தொழிலாளரின் இருபத்துநான்கு மாதக் கூலி பாக்கியும், தம் பிணையை விட்டுக்கொடுத்த வங்கிகளும் சமமாக நிற்பார்கள். பிறகு மற்ற ஊழியர்கள், பிணையில்லாக் கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கி, இதர கடன்கள் என்று இறங்கி, எல்லோருக்கும் பின்னால்தான் சாதாரணப் பங்குதாரர். ஆனால் அவருடைய நட்டத்துக்கு ஒரு தரை இருக்கிறது. பங்கு வாங்கப் போட்ட பணத்துக்கு மேல் ஒரு காசும் அவரிடம் கேட்க முடியாது. தெருவுக்கு அந்தத் தரை இல்லை. கம்பெனியின் சொத்துக்கு மேல் சேதம் போனால் அந்த மேல்பாதியைச் சுமப்பது பக்கத்தில் குடியிருப்பவரின் நுரையீரலும் ஆற்றில் வலை போடுகிறவரின் வருமானமும்தான், அதுவும் "இதர கடன்கள்" என்ற கூட்டத்தில் நின்றுகொண்டு. மிச்சத்தைச் சுமப்பவர் பங்குதாரர் மட்டுமே என்ற வாதம் எனக்கு முழுதாக ஒப்பாததற்குக் காரணம் இதுதான்.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனி சட்டப்படி செய்ய வேண்டிய சமூகப் பொறுப்புச் செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பொதுக்கூட்டத்தில் தெருவைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். எடுத்துக்காட்டில் சொன்ன கம்பெனியின் மூன்று ஆண்டுச் சராசரி லாபம், வரிக்கு முன், 70 கோடி என்றால் 2 சதவீதம், அதாவது 1 கோடியே 40 லட்சம், அது செலவு செய்தாக வேண்டும். பள்ளிக்கு பெஞ்சு, மருத்துவ முகாம், குடிநீர்த் தொட்டி என்று அது போகும். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் வேறொரு சட்டப்படி செய்தே ஆக வேண்டிய செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே இசைவாணைக்காக வைக்கும் ஸ்க்ரப்பர் சி.எஸ்.ஆர். ஆகாது, மருத்துவ முகாமும் ஸ்க்ரப்பருக்கு ஈடாகாது. இருமலுக்கு மருந்து கொடுப்பதும் இருமல் வராமல் பார்ப்பதும் வேறு வேறு கணக்குத் தலைப்புகள்.

இப்போது உங்கள் 200 பங்கு. தீர்மானம் கொண்டுவர அது போதாது. அதற்குப் பத்தில் ஒரு பங்கு ஓட்டுரிமை வேண்டும். நூறு உறுப்பினர்கள் சேர்ந்தால், ஆளுக்கு ஒரு பங்கு இருந்தாலும், கம்பெனி பொதுநலனுக்குக் கேடாக நடத்தப்படுகிறது என்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக 241, 244ஆம் பிரிவுகளில் வாசல் இருக்கிறது. வாசல் இருப்பது உறுதி. உள்ளே தீர்ப்பாயம் ஒரு தெருவின் நாற்றத்தைப் பொதுநலக் கேடாக ஏற்குமா என்பது சந்தேகம். அந்தப் பிரிவு பெரும்பாலும் பங்குதாரர்களின் உட்சண்டைக்கே பயன்பட்டு வந்திருக்கிறது. 439இன் கீழ்ப் புகாரும் இதே தரத்தில் உள்ளதுதான்: உரிமை உண்டு, பலன் நிச்சயமில்லை.

நிச்சயமாகச் செய்யக்கூடியது ஆண்டறிக்கையைத் திறப்பது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடத்துக்குள் உள்ள லிஸ்டட் கம்பெனிகள் 2022-23 முதல் வணிகப் பொறுப்பு அறிக்கை ஒன்றைக் கட்டாயமாக இணைக்கின்றன, பி.ஆர்.எஸ்.ஆர். என்று தேடுங்கள். அதில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதோர் எத்தனை பேர், இரு பிரிவிலும் குறைந்தபட்சக் கூலி மட்டும் பெறுவோர் எத்தனை பேர், விபத்துகள் எத்தனை, காற்றில் விட்ட கந்தக வாயு எவ்வளவு, ஊர்மக்களிடமிருந்து வந்த புகார் எத்தனை என்று அட்டவணைகள் இருக்கும். இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர்மக்கள் புகார் "இல்லை" என்று போட்டிருந்தால், அது நாற்றம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உங்கள் தெருவிலிருந்து யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை என்றுதான் பொருள். முதலில் கம்பெனிக்கும் வாரியத்துக்கும் தேதி, நேரம் குறித்து எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கட்டத்தில் ஓர் எண் வந்தாக வேண்டும். வராவிட்டால் கேட்பதற்கு உங்களிடம் நகல் இருக்கிறது.

பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டம். ஒரு பங்கு இருந்தாலும் பேசலாம். முன்பெல்லாம் மண்டபத்தில் நடக்கும். சுவீட் பாக்கெட் சின்னதாகிவிட்டது என்று கேட்பவர்களே அதிகம். ஒரு முறை எர்ணாவூரிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் முறை வந்தபோது எழுந்து, "ராத்திரி எத்தனை மணிக்கு வால்வைத் திறக்கிறீர்கள், சொன்னால் அதற்கு முன்னால் குழந்தையைத் தூங்க வைத்துவிடுவேன்" என்று மட்டும் கேட்டார். தலைவர் பக்கத்தில் இருந்த ஆலை மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். யாரிடமும் தயார் பதில் இல்லை. அதை நான் குறித்துக்கொள்ள வேண்டியதாயிற்று, அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் அது ஒரு விஷயமாக வந்தது. இப்போது பெரும்பாலும் வீடியோவில் நடக்கிறது. பேச விரும்புகிறவர் சில நாட்களுக்கு முன்பே, பதிவான மின்னஞ்சலிலிருந்து டிமேட் எண்ணைக் குறிப்பிட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். கடைசித் தேதி கூட்ட அறிவிப்பின் குறிப்புகளில், பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். கம்பெனி யாருக்குச் சொந்தம் என்று தொடங்காதீர்கள். இசைவாணையில் கந்தக வாயுவுக்கு எழுதிய அளவு என்ன, சென்ற ஆண்டில் எத்தனை நாள் அதைத் தாண்டியது, அதற்கான முதலீடு எந்தக் கூட்டத்தில் எத்தனை முறை ஒத்திவைக்கப்பட்டது என்று மூன்றையும் கேளுங்கள். நேரம் மிச்சமிருந்தால், கான்ட்ராக்டர்களின் பி.எஃப். செலுத்துச் சீட்டுகளை மாதாமாதம் யார் சரிபார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாமாவின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.